கண்ணீரைக் கேட்காதீர்கள், கணக்கைக் காட்டுங்கள்
(அம்பத்தூரில் அரசுப் பள்ளி முன்னாள் மாணவர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆவடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு நிதி கேட்கும் இந்தத் துண்டறிக்கையைப் பாருங்கள். “சேரியின் ஏழைப் பிள்ளைகள் வெயிலில் வாடும்போது உங்கள் மனசாட்சி உறங்குமா?” என்கிறது. எதற்குப் பணம், எவ்வளவு பணம் என்று ஒரு வரிகூட இல்லை.

இதை அந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் படிக்கும். தன் தெரு பிச்சைத் தட்டாக நீட்டப்பட்டிருப்பது அதற்குப் புரியும். கொடுப்பவர் வள்ளல், வாங்குபவர் தாழ்ந்தவர் என்ற பழைய படிக்கட்டைத்தான் நாம் மறுபடி கட்டுகிறோம்.

இதற்கு மாற்று நம் பக்கத்திலேயே இருந்தது. திருவள்ளூரைத் தாண்டி இதே ரயில் பாதையில் வருவது கடம்பத்தூர். காமராசர் ஆட்சியில், நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் அங்கேதான் தொடங்கின. பள்ளிக்கு என்னென்ன தேவை, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு என்று பட்டியல் போட்டு ஊர் முன் வைத்தார்கள். மக்கள் பணமாகவும் பொருளாகவும் உழைப்பாகவும் தந்தார்கள். ஊர்ப் பள்ளிக்கு ஊரார் செய்யும் பங்கு என்பதே அதன் பொருள்.

அதே முறையில் நம் அறிக்கையைத் திருத்துவோம். எண்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளுங்கள்:

“எங்கள் பள்ளியின் 12 வகுப்பறைகளில் 5 அறைகளில் மின்விசிறி இல்லை. அறைக்கு 2 வீதம் 10 வேண்டும். பொருத்துகூலியோடு ஒன்று 2,500 ரூபாய், மொத்தம் 25,000. முன்னாள் மாணவர்கள் 9,000 தந்துவிட்டார்கள். மீதி 16,000. ஆளுக்கு 500 தந்தால் 32 பேர் போதும். பணம் குறைந்தால் ஓட்டுக்கூரை அறைகளுக்கு முதலில் மாட்டுவோம். மிஞ்சினால் பள்ளி மேலாண்மைக் குழு முடிவு செய்யும். ரசீது உண்டு. ஜூலை 31இல் வரவு செலவு பள்ளிப் பலகையில் ஒட்டப்படும். மின்விசிறி தருவது அரசின் கடமை. அதற்கான மனுவும் கொடுத்திருக்கிறோம்.”

கடைசி வரியை எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அது இல்லையென்றால் அரசின் பொறுப்பை நாமே மூடி மறைத்தவர்களாவோம். ஆனால் மனு கொடுத்த பிறகுதான் அந்த வரியை எழுத வேண்டும்.

கண்ணீர் அறிக்கைக்கும் பணம் வரும், மறுக்கவில்லை. ஆனால் குற்ற உணர்ச்சியில் கொடுத்தவர் கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது என்று போய்விடுவார். 32 பேரில் ஒருவராகக் கொடுத்தவர் ஆகஸ்டில் வந்து, “விசிறி சுற்றுகிறதா?” என்று கேட்பார். நமக்கு வேண்டியது அந்தக் கேள்வி.

அச்சுக்குப் போகும் முன், அந்தப் பள்ளியின் மாணவர் ஒருவரிடம் அறிக்கையைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் குரல் தணிகிறதோ அந்த வரியை அடித்துவிடுங்கள்.