ஆரம்பாக்கத்தில் ஓர் உலை வைக்கலாமா?

சென்னையிலிருந்து கல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைக் கடந்து வடக்கே சென்றால், தமிழ்நாட்டின் எல்லை முடிவதற்குச் சற்று முன்பாக ஆரம்பாக்கம் என்ற ஊர் வரும். பழைய இரும்பை உருக்கி, வீடு கட்டுவோர்க்கு வேண்டிய டி.எம்.டி. கம்பியாக உருட்டித் தரும் ஆலைகள் இந்தப் பிரதேசத்தில் பல உண்டு. அத்தகைய ஆலை ஒன்றைப் புதிதாக ஆரம்பாக்கத்தில் நிறுவலாமா என்று ஒருவர் யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரும் அவருடைய ஆலையும் கணக்குக்காக நான் கற்பித்துக்கொண்டவை. ஆனால் அந்தக் கணக்கை அசைக்கப்போகிற சம்பவங்கள் உண்மையாகவே 2022-ஆம் வருஷத்தில் நடந்தவை.

முதலில் அவருடைய உத்தேசக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மூலதனம் 60 கோடி ரூபாய். ஆயுள் 10 வருஷம். வருஷ விற்பனை 50,000 டன். ஒரு டன் கம்பி 50,000 ரூபாய்க்கு விற்கும். அதற்கு வேண்டிய பழைய இரும்பு, உருகும்போது போகும் சேதாரமும் சேர்த்து, 39,000 ரூபாய். உருக்குவதற்கும் உருட்டுவதற்குமாக டன்னுக்கு 700 யூனிட் மின்சாரம் ஆகும். எல்லாக் கட்டணமும் வரியும் சேர்த்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் அது 5,600 ரூபாய். மற்றச் செலவுகளுக்கு 2,400 போக, டன்னுக்கு 3,000 ரூபாய் கையில் நிற்கும். வருஷத்துக்கு 15 கோடி. அதில் சம்பளம் முதலிய நிலையான செலவு 3 கோடியைக் கழித்தால் மிச்சம் 12 கோடி. வருமான வரியையும், நடைமுறை மூலதனம் இறுதியில் திரும்புவதையும், கேட்போரின் சௌகரியத்துக்காக விட்டுவிடுகிறேன்.

அடுத்த வருஷம் வரும் ஒரு ரூபாய் இன்றைய ஒரு ரூபாய்க்குச் சமமன்று. ஆதலின் வருங்கால வரவுகளை ஒரு தள்ளுபடி வீதத்தால் குறைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வீதத்தை 12 விழுக்காடு என்று கொண்டால், பத்து வருஷம் வருகிற 12 கோடிகளின் இன்றைய மதிப்பு 67.8 கோடியாகிறது. போட்ட 60 கோடியைக் கழிக்க எஞ்சும் 7.8 கோடியே நிகர நிகழ்கால மதிப்பு. அது பூஜ்யத்துக்கு மேலே இருப்பதால் திட்டம் தேறிவிட்டது என்று கணக்கர் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடலாம். ஆனால் இந்த 7.8 கோடி, ஒவ்வொன்றும் தவறக்கூடிய ஐந்தாறு அநுமானங்களின் மேல் நிற்கிறது. அவற்றுள் எது தவறினால் திட்டமே கவிழும் என்பதை அறிவதற்காக, மற்றவற்றை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மாத்திரம் அசைத்துப் பார்ப்பதற்கு உணர்திறன் ஆய்வு என்று பெயர்.

இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு தொகையையும் பத்து விழுக்காடு கூட்டியும் குறைத்தும் ஒரு பட்டியல் போடுகிறார்கள். நான் வேறொரு கேள்வியை விரும்புகிறேன்: நிகர மதிப்பு பூஜ்யமாவதற்கு ஒவ்வொரு தொகையும் எவ்வளவு தூரம் நகர வேண்டும்? அறுபது கோடியைத் திருப்ப, வருஷத்துக்கு 10.62 கோடி வந்தாக வேண்டும். அதாவது டன்னுக்கு 3,000 ரூபாய் நின்ற இடத்தில் 2,724 ரூபாயாவது நிற்க வேண்டும். ஆகவே இந்த ஆலையின் பாதுகாப்பு முழுவதும் டன்னுக்கு 276 ரூபாயில் அடங்கியிருக்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய் விலையுள்ள சரக்கில் இது அரை விழுக்காட்டுக்குச் சற்று அதிகம்.

அப்படியானால், கம்பி விலை ஒரு விழுக்காடு இறங்கினாலே ஆலை மூழ்கிவிடுமா? காகிதத்தில் அப்படித்தான் வரும். பத்து விழுக்காடு இறக்கிப் பார்த்தால் ஆலை ஒவ்வொரு டன்னிலும் 2,000 ரூபாய் நஷ்டத்தில் ஓடுவதாகக் காட்டும். கம்பி விலை பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறி இறங்கியும் உருக்காலைகள் பிழைத்திருக்கும்போது, இப்படி ஒரு விடை வருமானால் தவறு உலகத்தில் இல்லை, நம் கணக்கில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கம்பி விலை இறங்கும்போது பழைய இரும்பின் விலையும் கூடவே இறங்குகிறது. சேர்ந்து நகர்கிற இரண்டில் ஒன்றை மாத்திரம் அசைத்ததனால் வந்த விபரீதம் அது. ஆகவே இங்கே அசைத்துப் பார்க்க வேண்டிய தொகை, இரண்டுக்கும் இடையே உள்ள 11,000 ரூபாய் வித்தியாசமே. அது 10,724-க்குக் கீழே போனால் திட்டம் தேறாது. நம் நண்பர் செய்ய வேண்டிய முதல் வேலை, கடந்த சில வருஷங்களுக்கு மாதவாரியாக இரு விலைகளையும் எடுத்து, அந்த வித்தியாசம் எத்தனை மாதங்கள் இந்தக் கோட்டுக்குக் கீழே கிடந்தது என்று எண்ணிப் பார்ப்பது. அப்படிப் பார்க்கையில், கப்பலில் வருகிற பழைய இரும்புக்கு விலை பேசிய நாளுக்கும், அது உருகிக் கம்பியாக விற்கும் நாளுக்கும் இடையே வாரங்கள் பல கழிவதையும் மறக்கலாகாது. விலை இறங்குகிற காலத்தில் அதிக விலைக்கு வாங்கியதை மலிவாக விற்க நேரும்.

இனி, மின்சாரம். எனக்கு இதுவே இந்தக் கணக்கின் மர்மஸ்தானமாகத் தோன்றுகிறது. டன்னுக்கு 276 ரூபாய் என்பதை 700 யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 39 காசு. 2022-ஆம் வருஷம் செப்டம்பர் 10-ஆம் தேதி முதல், தமிழ்நாட்டில் உயரழுத்த மின்சாரம் பெறும் தொழிற்சாலைகளுக்கான யூனிட் கட்டணம் 6 ரூபாய் 35 காசிலிருந்து 6 ரூபாய் 75 காசாக உயர்ந்தது. நாற்பது காசு! நம் ஆலையின் பாதுகாப்பு முழுவதையும் அது ஒன்றே தின்றுவிடுகிறது.

அதோடு நிற்கவில்லை. அதே ஆணையில் டிமாண்ட் கட்டணம், மாதம் ஒரு கே.வி.ஏ.வுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயாயிற்று. இந்த ஆலைக்கு 7,000 கே.வி.ஏ. வேண்டுமென்று கொண்டால், யூனிட் கட்டண உயர்வால் வருஷத்துக்கு 1.40 கோடியும், டிமாண்ட் கட்டண உயர்வால் 1.68 கோடியும் கூடும். வரியைச் சேர்க்காமலே 3.08 கோடி, நிகர மதிப்பு 7.8 கோடி லாபத்திலிருந்து 9.6 கோடி நஷ்டத்துக்குப் புரண்டுவிடுகிறது. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று மொத்தமாகப் போட்ட கணக்கில் இன்னொரு தவறும் ஒளிந்திருந்தது. டிமாண்ட் கட்டணம், உலை எரிந்தாலும் எரியாவிட்டாலும் பெரும்பாலும் கட்ட வேண்டியது. அதை யூனிட் விலையோடு கலந்துவிட்டால், விற்பனை பத்து விழுக்காடு குறையும்போது நிகர மதிப்பு 0.7 கோடி நஷ்டம் என்றே தெரியும். பழைய கட்டணத்தின்படியே அதைப் பிரித்து நிலையான செலவில் சேர்த்தால், நஷ்டம் 2.3 கோடி.

தள்ளுபடி வீதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடன் கொடுப்போரும் வாங்குவோரும் மணிக்கணக்கில் வாதிக்கும் விஷயம் அது. ஆயினும் மற்ற அநுமானங்கள் நிலைத்தால் வீதம் 15 விழுக்காடு வரை போனாலும் இந்தத் திட்டம் மூழ்காது. ஒன்றை மட்டும் எச்சரிக்க விரும்புகிறேன்: விற்பனை குறையும் என்று அஞ்சி வரவைக் குறைத்துப் போட்டவர், அதே அச்சத்துக்காக வீதத்தையும் உயர்த்தினால், ஒரே அபாயத்துக்கு இருமுறை தண்டனை விதித்தவராகிறார்.

இதுவரை ஒவ்வொன்றாக அசைத்தோம். ஆனால் 2022-இல் அவை ஒவ்வொன்றாக வரவில்லை. மே மாதம் மத்திய அரசு உருக்குப் பொருள்கள் பலவற்றின் மீது 15 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தது. வெளிநாடு செல்லவிருந்த சரக்கு உள்ளூர்ச் சந்தைக்குத் திரும்ப, விலை இறங்கிற்று. நவம்பரில்தான் அவ்வரி நீங்கியது. அதே மே மாதம் தொடங்கி ரிசர்வ் வங்கி ரெப்போ வீதத்தை 4 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக உயர்த்தி 2023 பிப்ரவரியில் 6.5 ஆக்கியது. இடையே செப்டம்பரில் மின்கட்டண உயர்வு. இப்படி ஒன்றோடொன்று கூடி வரும் மாறுதல்களை ஒரு கதையாகக் கோத்துக் கணக்கிடுவதே சூழ்நிலை ஆய்வு. அந்தக் கதையின் பகுதிகள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க வேண்டும். கெட்டவை எல்லாவற்றையும் ஒரு நெடுவரிசையில் அடுக்கி வைத்து அதைச் சூழ்நிலை என்றால் அது அச்சத்தின் பட்டியலாகிவிடும்.

உதாரணமாக, மின்கட்டணம் உயர்ந்தால் அதைக் கம்பி விலையில் ஏற்றி வாங்குவோரிடம் வசூலிக்கலாமே என்பார் ஒருவர். தமிழ்நாட்டு உலைகள் மட்டுமே சந்தையில் இருந்தால் ஓரளவு முடியும். ஆனால் ஆரம்பாக்கத்துக்கு அப்பால் சில மைல்களில் ஆந்திரம். அங்கே கட்டண விகிதம் வேறு. எல்லைக்கு அப்பாலிருந்து வரும் கம்பியும் சென்னையில் அதே கடையில்தான் விற்கும்; ஊது உலை வைத்திருக்கும் பெரிய ஆலைகளுக்கோ நம்மைப்போல் மின்சாரச் சுமை இல்லை. ஆகவே கடுமையான சூழ்நிலையில் உயர்வு முழுவதையும் நம் ஆலையே சுமக்கும் என்று கொள்கிறேன். விற்பனை 45,000 டன். விலை வித்தியாசத்தில் 200 ரூபாய் குறைவு. விலைவாசி ஏறியதனால் உயர்ந்த வட்டியில் ஒரு பகுதி, வருங்கால விற்பனை விலைகளிலும் ஏற்றமாக வந்துசேரும். ஆதலால் ரெப்போ உயர்வு முழுவதையும் கூட்டாமல் வீதத்தை 13 என்று வைக்கிறேன். வருஷ வரவு 6.37 கோடியாகக் குறைந்து, நிகர மதிப்பு 25 கோடிக்கு மேல் நஷ்டமாகிறது. நல்ல சூழ்நிலையிலோ, பழைய மின்கட்டணம், 54,000 டன் விற்பனை, 200 ரூபாய் கூடுதல் வித்தியாசம், 12 விழுக்காடு வீதம் என்று கொண்டால் 22 கோடி லாபம் வருகிறது. கட்டட வேலை மும்முரமாக நடக்கும் காலத்தில் பழைய இரும்பும் கிராக்கியாகிவிடும். அதனால்தான் அங்கேயும் வித்தியாசத்தை 200-க்கு மேல் உயர்த்தவில்லை.

இந்த மூன்று விடைகளையும் கூட்டி மூன்றால் வகுத்துச் சராசரி காண்பது வீண் வேலை. எந்தச் சூழ்நிலை எவ்வளவு சம்பவிக்கக்கூடும் என்பதை இந்தக் கணக்கு சொல்வதில்லை. எங்கே கை வைக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. நம் நண்பருக்கு அது மின்சாரத்தைச் சுட்டிக்காட்டுகிறது. காற்றாலை ஒன்றில் மற்றத் தொழிற்சாலைகளோடு பங்கு சேர்ந்து, கூட்டாக 26 விழுக்காட்டுக்குக் குறையாத உரிமையும் 51 விழுக்காட்டுக்குக் குறையாத நுகர்வும் பெற்றால், சொந்த உற்பத்தியாளர் என்ற நிலை சட்டப்படி கிடைக்கும். அதனால் யூனிட் செலவு குறையலாம், டிமாண்ட் கட்டணம் குறையாது. உலையிலிருந்து வரும் பில்லெட்டை ஆறவிடாமல் சூட்டோடு உருட்டினால், மீண்டும் சூடேற்றும் எரிபொருள் மிஞ்சும். அல்லது உலையைப் பின்னுக்குத் தள்ளிவைத்து, பில்லெட்டை வெளியில் வாங்கி உருட்டும் ஆலையை மட்டும் முதலில் நிறுவலாம். டன்னுக்குச் சுமார் 100 யூனிட்டே அதற்குப் போதும், மூலதனமும் குறைவு, மின்கட்டணத்தின் போக்கையும் சந்தையின் போக்கையும் இரண்டொரு வருஷம் பார்த்த பின்பு உலையைச் சேர்த்துக்கொள்ள இடமிருக்கும். ஆனால் அந்த ஆலைக்கும் இதே ஆய்வை ஆதியிலிருந்து புதிதாகச் செய்ய வேண்டும். அங்கே மின்சாரம் பின்னடைந்து, பில்லெட்டுக்கும் கம்பிக்கும் இடையே உள்ள மிக மெல்லிய விலை வித்தியாசமே முதலிடத்துக்கு வந்து நிற்கும்.