ஆலோசகர் விடைபெறும் முறை



நம்முட் சிலர் ஒரே கந்தோரில் உத்தியோகம் பார்க்காது, வெவ்வேறு வணிக நிலையங்களுக்கு மாதக் கட்டணத்தில் ஆலோசகராகக் கடமையாற்றுகின்றனர். அத்தொடர்பை முறையாக முடித்துக்கொள்வது எவ்வாறு என்பதை ஓர் உதாரணங் கொண்டு ஆராய்வோம்.

ஒரு மொத்த வியாபார நிலையத்தின் கணக்குமுறையைத் திருத்தியமைக்க, மாதம் 62,000 ரூபாவுக்கு நாம் உடன்பட்டிருக்கின்றோம் என வைத்துக்கொள்வோம். விலகுவதற்கு 30 நாள் முன்னறிவித்தல் வேண்டும். யூன் 10ஆந் திகதி கடிதங் கொடுத்தால், மறுநாளை முதல் நாளாக எண்ண, யூலை 10ஆந் திகதியுடன் கடமை முடியும். நாட்கணக்கிற் பிரிக்க ஒப்பந்தம் இடங்கொடுப்பின், யூலையின் 31 நாளில் 10 நாளுக்குரிய 20,000 ரூபாவே இறுதிக் கட்டணம். முடிவு நாளையும் இத்தொகையையும் முதற் கடிதத்திலேயே எழுதிவிடல் வேண்டும்.

அடுத்து, முடியாத வேலைகள். சரக்குப் பதிவேடு முடிந்துவிட்டது. கடன்காரர் பேரேடு பாதியில் நிற்கின்றது. ஊழியருக்கான கைந்நூல் தொடங்கப்படவில்லை. மாதக் கட்டணம் நம் நேரத்துக்கா, முடித்துக் கொடுக்கும் பொருளுக்கா என்பதை ஒப்பந்தத்திற் பார்த்தல் வேண்டும். நேரத்துக்கெனின், எஞ்சிய நாட்களில் எதை முடிப்பது என்பதை முதலாளியே தெரிவு செய்யட்டும். இங்கு பேரேட்டை முடிப்பதென்றும், கைந்நூலை விடுவதென்றும் இருவரும் கையொப்பமிட்டுத் தீர்மானிக்கலாம்.

ஒப்படைப்புப் பட்டியலில் “முக்கால்வாசி முடிந்தது” என்று எழுதுவதாற் பயனில்லை. “வாடிக்கையாளர் 240 பேரில் 150 பேரின் நிலுவை பற்றுச்சீட்டுகளுடன் ஒப்பிடப்பட்டது, 90 பேரினது எஞ்சியுள்ளது, அவற்றுள் 12 பேரின் கணக்கில் வேறுபாடுண்டு, அவற்றை முதலாளி தீர்க்கவேண்டும்” என்று எழுதினால், அடுத்து வருபவர் மறுநாளே வேலையைத் தொடரலாம். கோப்பு இருக்குமிடமும் அருகே குறிக்கப்படல் வேண்டும்.

இனி, பரீட்சை. யூன் மாத முடிவுக் கணக்கை யூலை முதல் வாரத்தில் அந்நிலையத்து எழுதுவினைஞரே செய்யட்டும். நாம் அருகிலிருந்து பார்ப்போம். அவர் எங்கெங்கே தயங்கி நம்மைக் கேட்கின்றாரோ, அங்கங்கே நமது குறிப்பிற் குறையுண்டு. அன்றே அதைத் திருத்திவிடலாம். கடைசி நாளில் இப்பரீட்சையை வைத்தால் திருத்த நேரமிராது.

கணினிக் கணக்குகள் நம் பெயரிலோ நம் மின்னஞ்சலிலோ பதியப்பட்டிருப்பின், அவற்றை முதலாளியின் பெயருக்கு மாற்றுதல் வேண்டும். அவர் தாமே உட்புகுந்து பார்த்தபின், கடவுச்சொற்களை மாற்றும்படி நாமே கேட்டுக்கொள்ளல் நன்று. பின்னர் ஏதும் பிழை நேரின், நம்மீது ஐயம் எழ இடமிராது.

விலகிய பின்னும் கேள்விகள் வரும். இரண்டு கிழமைவரை, கிழமைக்கு ஒரு மணி நேரம் இலவசமாக மறுமொழி கூறுவோம், அதற்கு மேற்பட்டது தனிக் கட்டணம் என்று முன்னரே எழுதிவைத்தால், முடிந்த தொடர்பு கூலியின்றித் தொடராது, நட்பும் கெடாது.