பணிக்கு அப்பால் ஒரு பேச்சு
(வரன் பரிச்சயக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இக்கூட்டத்தில் பெண்ணும் பிள்ளையும் தனித்துப் பேசுவதற்குக் கால்மணி நேரமோ அரைமணி நேரமோ கிடைக்கிறது. பேசி முடித்து வருகிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் வரும் விடை ஒன்றுதான்: "வேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்." இந்த நிலையைப் பொறுமையோடு மாற்றும் வழியைப் பற்றி மட்டுமே இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஒருவர் ஏன் வேலையைப் பற்றியே பேசுகிறார் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அவர் இங்கு வருவதற்கு முன்பே படிப்பு, பதவி, ஊதியம் ஆகியவற்றைப் பல வீடுகளில் பல பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். அவற்றுக்குரிய விடை அவரிடம் ஆயத்தமாக இருக்கிறது. தவறாகச் சொல்லிவிடுவோம் என்ற அச்சமும் அதில் இல்லை. எனவே கூச்சமுள்ளவர் தமக்குப் பழகிய தரையிலேயே நின்றுகொள்கிறார். அதை உடனே அக்கறையின்மை என்றோ ஆணவம் என்றோ முடிவு கட்டுவது சரியன்று.

அவ்வாறு நிற்பவரை அத்தரையிலிருந்து திடீரென இழுக்கக் கூடாது. "சரி, உங்கள் பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டால், "பாட்டு, திரைப்படம்" என்ற இரண்டு சொற்கள் வரும்; பிறகு மௌனம். அவர் பேசிக்கொண்டிருக்கும் பணியின் உள்ளேயே நுழைந்து, அங்கிருந்து அவருடைய நாள், அவருடைய மனிதர்கள், அவருடைய முடிவுகள் என்று படிப்படியாகச் செல்வதே எளிய வழி.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பிள்ளை சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணி செய்கிறார். அவர் தந்தைக்குத் திருநெல்வேலி நகரத்தில், நெல்லையப்பர் கோயிலின் ரத வீதி ஒன்றில் துணிக்கடை. பெண் அம்பாசமுத்திரத்தில் பள்ளி ஆசிரியை. பிள்ளை சொல்கிறார்: "எங்கள் குழுவில் பதினான்கு பேர். இந்த மாதம் புதிய மென்பொருளை வெளியிடுகிறோம். அதனால் வேலை மிகுதி."

இங்கே பெண் கேட்க வேண்டியது: "அத்தகைய நாட்களில் நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?"

இதுவும் வேலையைப் பற்றிய கேள்விதான். ஆனால், சூரியன் மறைவதற்குள் உண்ணும் வழக்கமுள்ள நம் வீடுகளில் இது அவருடைய அன்றாட வாழ்வின் நடுவே சென்று நிற்கும் கேள்வி. அவர் சற்றுத் தயங்கி, "சில நாள் இரவு ஒன்பது ஆகிவிடுகிறது. அம்மாவிடம் சொல்வதில்லை" என்கிறார் என்று கொள்வோம். இப்போது அவர் முதன்முறையாகத் தம்மைப் பற்றிப் பேசியிருக்கிறார். இந்த நொடியில் பெண் என்ன செய்கிறாள் என்பதைப் பொறுத்தே மற்றவை அமையும். "அப்படியா, எங்கள் வீட்டில் அது கூடவே கூடாது" என்று தீர்ப்புச் சொன்னால் அவர் மறுபடி மென்பொருளுக்கே திரும்பிவிடுவார். "தேர்வுத்தாள் திருத்தும் நாட்களில் எனக்கும் நேரம் தப்பிவிடும். அன்று பாலோடு நிறுத்திக்கொள்வேன். மனத்துக்கு என்னவோபோல் இருக்கும். உங்களுக்கு எப்படி?" என்று தன்னுடையதையும் ஒரு வரி சொல்லிவிட்டுக் கேட்டால் பேச்சு தொடரும். அந்நோன்பு அவருக்கு மனமார்ந்ததா, தாய்க்காகக் காப்பதா, கைவிட நினைப்பதா என்பது தெரியவரும். இது திருமணத்துக்கு முன் தெரிந்திருக்க வேண்டியது. ஊதியத்தை மட்டும் அறிந்து மணந்த இருவர், முதல் மாதத்திலேயே அடுக்களையில் இதைக் கண்டுபிடிப்பது இருவருக்கும் துன்பம்.

இரண்டாவது படி, கருத்தைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேட்பது. "குடும்பத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்றால் மேடைப்பேச்சே விடையாக வரும். "நெல்லை விரைவு வண்டியில் காலையில் சந்திப்பு நிலையத்தில் வந்து இறங்கினால் முதலில் எங்கே போவீர்கள்?" என்று கேளுங்கள். "குறுக்குத்துறைப் படித்துறைக்கு. சிறுவயதில் தாத்தா அங்கேதான் அழைத்துப் போவார்; பிறகு கடை திறக்கச் செல்வோம்" என்று ஒருவர் சொல்லக்கூடும். அப்போது, "கடையில் நீங்கள் உட்கார்ந்ததுண்டா? அப்பாவுக்குப் பிறகு கடையை யார் பார்ப்பார்கள்?" என்ற கேள்வி இயல்பாகவே பிறக்கும். வணிகக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிட அந்தரங்கமான கேள்வி இல்லை. அவர் சென்னையில் தங்குவாரா, பத்து ஆண்டுகளில் ஊர் திரும்புவாரா, தந்தையோடு அவருக்கு மனத்தாங்கல் உண்டா என்பதெல்லாம் அந்த ஒரு விடையில் அடங்கியிருக்கும். மணந்து செல்லும் பெண்ணின் பணியும் இருப்பிடமும் அதைப் பொறுத்தவை.

மூன்றாவது, கொடுத்துக் கேட்பது. மூன்று கேள்விகளைத் தொடர்ந்து கேட்டுத் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் அது நேர்முகத் தேர்வாகிவிடும். ஆர்தர் ஆரன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அறிமுகமற்றவர்களை இருவர் இருவராக அமர்த்தி 45 நிமிடங்கள் பேசவைத்தனர். எளிதில் தொடங்கிப் படிப்படியாக ஆழமாகும் 36 கேள்விகளுக்கு இருவருமே விடை சொன்னார்கள். மேம்போக்காகப் பேசிய இணைகளைவிட அவர்களுக்கு நெருக்க உணர்வு மிகுதியாக இருந்தது. நாம் அதிலிருந்து கொள்ள வேண்டியவை, ஆழம் மெல்ல மெல்லக் கூட வேண்டும், இருவரும் சொல்ல வேண்டும் என்ற இரண்டுமே. அந்நெருக்க உணர்வே பொருத்தம் ஆகிவிடாது என்பதையும் மறக்கலாகாது.

பேச்சு திசை திரும்பிவிட்டது என்பதை எவ்வாறு அறிவது? அவருடைய பேச்சில் 'மேலாளர்', 'குழு' என்ற சொற்கள் குறைந்து, 'தாத்தா', 'அக்கா', நண்பர்களின் பெயர்கள் வரத் தொடங்கும். "நீங்கள் எப்படி?" என்று அவரே திருப்பிக் கேட்பார். மாறாக, விடை ஒரே சொல்லில் முடிந்தாலும், பார்வை கைப்பேசிக்குச் சென்றாலும், கேள்வி அளவுக்கு மீறி ஆழ்ந்துவிட்டது என்று பொருள். ஒரு படி பின்வாங்கி மறுபடி அவருடைய பணியையே சற்று நேரம் கேளுங்கள். அவர் மூச்சுவிட்டுக் கொள்வார். முன்பு பேசி நின்றுபோன சம்பந்தங்களை முதல் நாளில் கிளற வேண்டாம். உடல்நலச் செய்திகளைப் பெரியவர்கள் முறையாகக் கேட்டுக்கொள்வார்கள்.

இரண்டு முறை சந்தித்து, தொலைபேசியிலும் பேசிய பிறகும் வேலையைத் தவிர வேறொன்றும் வரவில்லையாயின், வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்: "உங்கள் பணியை நன்றாகப் புரிந்துகொண்டேன். மாலையில் வீடு திரும்பும் உங்களைத்தான் இன்னும் தெரியவில்லை, அதைச் சொல்வீர்களா?" பலர் இதைக் கேட்டபின் மனம் திறப்பார்கள். அதன் பிறகும் திறக்காதவர், இச்சம்பந்தத்தில் விருப்பமில்லாதவராக இருக்கலாம். அல்லது அவருடைய வாழ்வில் பணிக்கு அப்பால் இடமில்லாமல் இருக்கலாம். எதுவாயினும் அதுவும் ஒரு விடையே. மறுப்பதற்கு அது போதிய காரணம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் பேசும் அறையின் வாயிலில் நிற்காதீர்கள். ஊதியமும் பதவியும் நீங்களே முன்னதாகக் கேட்டறிந்துகொண்டால் அவர்கள் அதிலேயே நேரத்தைக் கழிக்க வேண்டியிராது. வெளியே வந்ததும், "என்ன பேசினீர்கள்?" என்று வரிவரியாக விசாரிக்காதீர்கள். விசாரணை வரும் என்று அறிந்தவர்கள் ஒப்பிக்கத்தக்கதை மட்டுமே பேசுவார்கள். ஒப்பிக்க மிக எளிதானது வேலைதான்.