எங்கள் கெப்புக்கு எந்த டயர்?

(தோட்ட நலன்புரிச் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தின்போது மடுவத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைக்கு நாங்கள் பேச வந்தது ஒரு டயர் விஷயம். "டயரைப் பற்றி டிரைவரோடு பேசினால் போதாதா, எங்களுக்கு எதற்கு?" என்று சில அக்காமார் சிரிக்கிறீங்க. ஆனால் இரவு ஒரு மணிக்குப் பிரசவ வலி வந்தால் ஏறப் போவது அந்தக் கெப்பில்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினாலும் அதே கெப்புத்தான். நாலு டயரும் தேய்ந்து போய்விட்டது. வருகிற மாதம் மாற்ற வேண்டும். சங்கத்துக் காசும் அதில் சேருகிறபடியால், எது வாங்குகிறோம், ஏன் வாங்குகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடையில் எங்களுக்குப் பொருந்துகிற மாதிரி இரண்டு வகை இருக்கிறது. ஒன்று ஓல் டெரெய்ன், சுருக்கமாக ஏ.டி. டயர். மற்றது மட் டெரெய்ன். அதை எல்லோரும் மட் டயர் என்று சொல்றாங்க. தம்பிமார் நாலைந்து பேர் எங்களிடம் வந்து, "மட் டயரே போடுங்க, நம்ம ரோட்டுக்கு அதுதான் சரி" என்று சொன்னாங்க. அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை நம்பி முன்பு ஒரு தடவை நாங்களே அதைத்தான் செய்தோம். அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறோம்.

பழைய கெப்புக்கு நாங்கள் மட் டயர் போட்டோம். முதல் மழையில் மேல் டிவிசன் ஏற்றத்தில் கெப் ஆடு மாதிரி ஏறியது. எங்களுக்கு ஒரே சந்தோசம். இரண்டு மாதம் கழித்து ஒரு இரவு, வலி கண்ட ஒரு தங்கச்சியை ஏற்றிக்கொண்டு டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போனோம். சேறு எல்லாம் தாண்டி, தார் ரோட்டுக்கும் வந்தாச்சு. இனிப் பயமில்லை என்று நினைத்தோம். தூறல் மழை. ஒரு வளைவில் எதிரே லொறி வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் மதகுக் கட்டில் இடித்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் இல்லை. கூடப் போன அம்மாவுக்குக் கை முறிந்தது. டயர் புதிது. வேகமும் பெரிய வேகம் இல்லை. பிழை எங்களுடையது. சேற்றை மட்டும் நினைத்து டயர் வாங்கினோம்.

ஏன் அப்படி வழுக்கியது? இங்கே பந்து விளையாடுகிற தம்பிமாருக்கு இது நன்றாகத் தெரியும். அடியில் குமிழ் வைத்த சப்பாத்து ஈரப் புல்லில் நல்லாப் பிடிக்கும். அதே சப்பாத்தோடு மழை நனைத்த சீமெந்துத் தரையில் ஓடிப் பாருங்க, விழுவீங்க. மட் டயரும் அப்படித்தான். அதன் ரப்பர்க் கட்டைகள் பெரியவை, கட்டைக்குக் கட்டை இடைவெளியும் அகலம். சேற்றைக் கடித்து, சுற்றும்போது வெளியே வீசி எறிவதற்காகச் செய்தது. ஆனால் தாரில் அந்த இடைவெளி எல்லாம் வெறுமைதான். ரோட்டைத் தொடுகிற ரப்பர் குறைவு. ஏ.டி. டயரில் கட்டைகள் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொரு கட்டையிலும் கத்தியால் கீறிய மாதிரி மெல்லிய கோடுகள் நிறைய இருக்கும். ஈரத் தாரில் பிடிப்பதற்கு அந்தக் கீறல்களின் ஓரம் உதவுகிறது. மட் டயரில் அவை குறைவு. அதனால் மழையில் பிரேக் பிடித்தால் மட் டயர் கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். அதோடு அது பாரம் கூடியது, டீசல் கூடக் குடிக்கும், தாரில் கெதியாகத் தேயும், இரைச்சலும் போடும்.

ஏ.டி. டயருக்கும் குறை இல்லாமல் இல்லை. ஒட்டுகிற சிவப்புக் களியில் அதன் நெருக்கமான இடைவெளிகள் அடைத்துவிடும். மழையில் கொழுந்து மலைக்கு ஏறும்போது செருப்படியில் மண் அப்பிக்கொண்டு வழுக்குமே, அதே மாதிரி. அடைத்த பிறகு அது மொட்டை டயர்தான். ஆகவே எது நல்ல டயர் என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை. எங்கள் கெப் ஓடுகிற ரோட்டு எப்படிப்பட்டது என்றுதான் கேட்க வேண்டும்.

அதை நாங்கள் அளந்து பார்த்தோம். மேல் டிவிசன் லயத்திலிருந்து வைத்தியசாலை வரை 21 கிலோமீற்றர். அதில் 16 கிலோமீற்றர் தார். மிச்சம் 5 கிலோமீற்றர் தோட்ட ரோட்டு. அந்த ஐந்திலும் பெரும்பகுதி கல் பதித்தது. கல்லிலும் கிரவலிலும் ஏ.டி. டயர் தாராளமாகப் போகும். உண்மையான சேறு எவ்வளவு என்று பார்க்க, மழை பெய்த மறுநாள் காலை தலைவரும் டிரைவரும் நாங்களும் ஒரு இரும்புக் கம்பியோடு நடந்தோம். சேறு என்று சொல்லக்கூடியது 600 மீற்றர்தான். சில்லுத் தடத்தில் பத்துப் பத்து அடிக்கு ஒரு தடவை கம்பியைக் குத்திப் பார்த்தோம். அநேக இடத்தில் இரண்டு மூன்று அங்குலம் இறங்கியதும் "டக்" என்று கல்லில் பட்டது. அப்படியான இடத்தில் ஏ.டி. டயர் மேல் சேற்றை அமுக்கிக்கொண்டு அடிக் கல்லைப் பிடித்துவிடும். ஒரே ஓர் இடத்தில், ஊற்றுத் தண்ணீர் ரோட்டுக்கு வருகிற வளைவில், சுமார் 80 மீற்றருக்குக் கம்பி ஒரு அடி இறங்கியது. எங்களைப் பயமுறுத்துகிற சேறு முழுவதும் அந்த 80 மீற்றர்தான்.

இப்போது யோசியுங்க. 80 மீற்றருக்காக 16 கிலோமீற்றர் ஈரத் தாரில் பிரேக்கை விட்டுக்கொடுக்கலாமா?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மட் டயர் சேற்றை வீசி எறிய வேண்டும் என்றால் சில்லு வேகமாகச் சுற்ற வேண்டும். அகலமான வெளியில் அது சரி. எங்கள் வளைவில் ஒரு பக்கம் மண் மேடு, மற்றப் பக்கம் பள்ளம். அங்கே சில்லைச் சுழற்றினால் வண்டி பக்கவாட்டில் இழுபடும். சுழன்ற சில்லு தடத்தையும் ஆழமாகத் தோண்டிவிடும். அடுத்த நாள் அதே தடத்தில்தான் கொழுந்து லொறி வர வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் நடக்க வேண்டும்.

ஆகவே எங்கள் முடிவு இது. டயர் ஏ.டி. அந்த 80 மீற்றருக்கு மருந்து டயரில் இல்லை, ரோட்டில்தான் இருக்கிறது. மேல் பக்கத்தில் கான் வெட்டி ஊற்றுத் தண்ணீரைத் திருப்ப வேண்டும். களியை அள்ளிவிட்டு அடியில் பெரிய கல், மேலே சிறு கல், அதன் மேல் கிரவல் போட வேண்டும். தண்ணீரைத் திருப்பாமல் கல்லை மட்டும் கொட்டினால் ஒரு மழையில் கல் களிக்குள் போய்விடும். இதற்குச் சிரமதானம் ஒன்று வைக்க எண்ணியிருக்கிறோம். மே மாதம் தென்மேற்கு மழை பிடிக்கும் முன்னே முடிக்க வேண்டும்.

எல்லாத் தோட்டத்துக்கும் இதுதான் சட்டம் என்று நாங்கள் சொல்லவில்லை. தார் ரோட்டையே காணாமல், நாள் முழுக்க ஆழமான களியில் ஓடுகிற வண்டியாக இருந்தால் அதற்கு மட் டயர்தான் சரி. வேறு தோட்டத்தில் உள்ள உறவுக்காரருக்குச் சொல்வதானால், "முதலில் தூரத்தை அளந்து, கம்பியைக் குத்திப் பாருங்க" என்று சொல்லுங்க.

ஒரு தம்பி கேட்டார், "பின்னுக்கு இரண்டு மட் டயர், முன்னுக்கு இரண்டு ஏ.டி. போட்டால் இரண்டு நன்மையும் வருமே?" என்று. வராது தம்பி. ஈரத் தார் வளைவில் முன் பக்கம் பிடிக்கும், பின் பக்கம் விட்டுவிடும். வண்டி சுற்றிவிடும். நாலு சில்லும் இழுக்கிற வண்டியில் டயரின் சுற்றளவு வித்தியாசப்பட்டால் கியர்ப் பகுதியும் கெட்டுப் போகும். அதனால் ஸ்பெயாரையும் சேர்த்து ஐந்தும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓடுகிற நாலும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது அளவு. டிரைவர் பக்கக் கதவு நிலையில் ஒட்டியிருக்கிற அளவே வேண்டும். பெரிதாகப் போட்டால் அழகாக இருக்கும், திருப்பும்போது உரசும். இரண்டாவது பார எண். அளவுக்குப் பக்கத்தில் 110 என்று இருந்தால் அந்த டயர் 1060 கிலோ தாங்கும், 104 என்றால் 900 கிலோ. பழைய டயரில் உள்ளதை விடக் குறைந்த எண் வாங்கக் கூடாது. மூன்றாவது வயது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டு 35ஆவது வாரத்தில் செய்தது. மலிவு என்று சொல்லி வருடக்கணக்காகக் கடையில் கிடந்ததைத் தருவாங்க. பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

கடைசியாக, எங்கள் வெட்கக் கதை ஒன்றையும் சொல்லி முடிக்கிறோம். போன மழைக்கு அந்த வளைவில் கெப் புதைந்தது. இருபது பேர் வந்து தள்ளினீங்க. எல்லோரும் டயரைத் திட்டினோம். பிறகு பார்த்தால், முன் சில்லின் நடுவில் உள்ள திருகு "ஃப்ரீ"யிலேயே இருந்தது. அதைக் கையால் "லொக்"குக்குத் திருப்பாவிட்டால், உள்ளே எந்தக் கியரைப் போட்டாலும் பின் சில்லு இரண்டு மட்டும்தான் இழுக்கும். காற்றும் 45 இறாத்தல் இருந்தது. கதவில் எழுதியிருந்தது 35. கல்லுப் போல ஊதின டயர் எந்த வகையானாலும் சேற்றில் பிடிக்காது. இப்போது ஒரு காற்றுமானி வாங்கி டிஸ்பென்சரியில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு திங்கட்கிழமைக் காலையும், வண்டி ஓடுவதற்கு முன் டயர் ஆறியிருக்கும்போது, அளந்து கொப்பியில் எழுதுகிறோம்.

புது டயர் போட்ட பிறகும் மழையில் தார் வளைவு தார் வளைவுதான். "அண்ணே, கெதியாப் போங்க" என்று டிரைவரை அவசரப்படுத்தாதீங்க. நோயாளிக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அவரைப் பதற விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சிரமதான நாளை இப்போதே பேசித் தீர்மானிப்போம். மண்வெட்டி, அலவாங்கு வைத்திருப்பவர்கள் தலைவரிடம் பெயர் கொடுங்க.