தீயணைப்புக் கருவியின் அட்டை சொல்வதும் சொல்லாததும்

மஸ்கெலியாவிலுள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உலர்த்தும் இயந்திரத்தின் விறகடுப்பருகே, சிவப்புநிறத் தீயணைப்புக் கருவியொன்று சுவரில் மாட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். டீமேக்கர் அதனைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து, "இது இன்னும் செல்லுமா?" என்று கேட்டு ஒரு பொறியியலாளருக்கு அனுப்புகிறார்.

பொறியியலாளர் முதலில் கேட்பது, படம் எடுத்த நாள். பலர் கைமாறி வந்த படம் போன வருடத்ததாகவும் இருக்கலாமல்லவா? 2025 ஜனவரி 20 என்று விடை வருகிறது.

அடுத்து, உடலில் ஒட்டிய சீட்டு. நீலப்பட்டையும் '6 kg' என்ற குறியும் இது உலர்தூள் கருவியென்று காட்டுகின்றன. A, B, C என்ற எழுத்துகளும் உள்ளன. A என்பது விறகு, சாக்கு, தேயிலை போன்ற திடப்பொருள். B, எண்ணெய் போன்ற திரவம். மூன்றாவது எழுத்திலேதான் மயக்கம். பிரித்தானிய முறையில் C என்பது எரிவாயு. அமெரிக்க முறையில் மின்சாரம் பாயும் சாதனம். ஆகவே உலர்த்தியின் மோட்டாருக்கு இது உதவுமா என்பதை அந்த எழுத்தை மட்டும் கொண்டு முடிவுசெய்யலாகாது. மின்சாதனத்துக்கு ஏற்றதென்று சீட்டிலே தனியாகக் குறித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இங்கே குறித்திருக்கிறது. (தூள் பட்ட தேயிலை விற்பனைக்கு உதவாது என்பது வேறு விஷயம்.)

இனி, கழுத்திலே தொங்கும் அட்டை. கடைசிப் பராமரிப்பு 2024 மார்ச். அடுத்தது 2025 மார்ச். கையொப்பமும் இருக்கிறது. அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறது. ஊசியும் முத்திரையும் குலையவில்லை. மேலோட்டமாகப் பார்ப்பவர், "செல்லும்" என்று இவ்விடத்திலேயே எழுதிவிடுவார்.

பொறியியலாளரோ படத்தைப் பெரிதாக்கி, சீட்டின் அடியிலே சிறிதாய் அச்சிட்ட உற்பத்தி ஆண்டைப் படிக்கிறார்: 2017. இவ்வகைக் கருவியைப் பிரித்தானிய முறைப்படி 5 ஆண்டுக்கொருமுறை வெளியேற்றி, உட்புறத்தைச் சோதித்து, புதிய தூள் நிரப்பவேண்டும். அமெரிக்க முறையில் உட்சோதனைக்கு 6 ஆண்டு. எவ்வழியிற் கணக்கிட்டாலும் 2023க்குள் அது நடந்திருக்கவேண்டும். அட்டையிலே வருடாந்தப் பார்வை மட்டுமே பதிவாகியிருக்கிறது. உள்ளே தூள் கட்டிபட்டிருந்தாலும் முள் பச்சையிலேயே நிற்கும். அது காட்டுவது அழுத்தத்தையே அன்றித் தூளின் நிலையை அன்று. கரியமிலவாயுக் கருவியானால் பெரும்பாலும் முள்ளே இராது. நிறுத்துப் பார்த்தாலன்றிக் குறைவு தெரியாது.

இன்னொன்றும் படத்தில் இல்லை. அட்டையிலுள்ள தொடரிலக்கம் கருவியின் உடலில் உள்ளதுதானா? அட்டை நூலிற் கட்டியது. ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றிற் கட்டுவது எளிது.

ஆகவே அவர் எழுதிய பதில் இதுவே: "வருடப் பார்வை மார்ச் வரை செல்லும். உட்சோதனைக்குச் சான்றில்லை. உடலில் பொறித்த இலக்கத்தையும் பராமரிப்புப் பதிவேட்டின் 2022, 2023ஆம் ஆண்டுப் பக்கங்களையும் படம்பிடித்து அனுப்புங்கள். அதுவரை, சோதனை முடிந்த வேறொரு தூள் கருவியை அவ்விடத்தில் மாட்டிவையுங்கள்."