நுளம்பு ஆளைத் தேடும் வழி
(புத்தூரில் நடந்த தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



ஒரே திண்ணையில் நாலு பேர் இருந்தாலும் நுளம்பு ஒருவரைத்தான் மொய்க்கும். "உனக்கு இனிப்பு இரத்தம்" என்று நாம் சிரிப்போம். ஆனால் நுளம்பு குத்துவதற்கு முன் இரத்தத்தை ருசி பார்ப்பதில்லை. பிறகு எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

குத்துவது பெண் நுளம்பு மட்டுமே. முட்டை வளர அதற்கு இரத்தத்திலுள்ள புரதம் வேண்டும். முதலில் அதற்குத் தெரிவது நம் மூச்சு. சாதாரணக் காற்றில் உள்ளதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு கரியமில வாயு நாம் விடும் மூச்சில் இருக்கிறது. அது காற்றோடு கலந்து பல மீற்றர் தூரம் போகும். அதை உணர்ந்த நுளம்பு காற்றை எதிர்த்துப் பறந்து வரும். கிட்ட வந்ததும் தோலின் மணம் வழிகாட்டும். இன்னும் நெருங்கினால் உடற்சூடு. டெங்கு நுளம்பு நம் உடல் வீசும் வெப்பக் கதிர்களைச் சுமார் 70 சென்ரிமீற்றரிலேயே உணர்கிறது என்று 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் தருவது தோலின் மணந்தான். நியூயோர்க்கில் 64 பேரின் முன்கைகளில் நைலோன் உறையை அணிவித்து, பின் அந்த உறைகளை டெங்கு நுளம்புகளுக்குக் காட்டினார்கள். மிக அதிகம் கவர்ந்தவரின் உறை, மிகக் குறைவாகக் கவர்ந்தவரின் உறையைப்போல் சுமார் நூறு மடங்கு இழுத்தது. அப்படிப்பட்டவர்களின் தோலில் கொழுப்புச் சார்ந்த சில அமிலங்கள் கூடுதலாக இருந்தன. சில வருடங்கள் கழித்துப் பார்த்தபோதும் அதே ஆட்களைத்தான் நுளம்பு நாடியது. ஆகவே இது குளிக்காததால் வருவதல்ல. யாரையும் கேலி செய்யாதீர்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவர்கள் கர்ப்பிணிகள். ஆபிரிக்காவின் கம்பியாவில் நடந்த ஆய்வில், கர்ப்பிணிகளை நாடி இரு மடங்கு மலேரியா நுளம்புகள் வந்தன. அவர்கள் விடும் மூச்சு 21 வீதம் அதிகம். வயிற்றுப் பகுதியின் சூடும் சற்றுக் கூட. அது வேறு இன நுளம்பு. டெங்கு நுளம்புக்கு அதே கணக்கைச் சொல்ல முடியாது. ஆனால் மூச்சையும் சூட்டையும் இதுவும் தேடுகிறது. கர்ப்பகாலத்தில் டெங்கு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

அதனால் கர்ப்பிணி ஓய்வெடுக்கும் இடத்தில் மின்விசிறியைப் போடுங்கள். காற்று மூச்சையும் மணத்தையும் கலைக்கும். நுளம்பும் எதிர்த்துப் பறக்கச் சிரமப்படும். டெங்கு நுளம்பு பகலில், முக்கியமாகக் காலையிலும் பின்னேரத்திலும் குத்தும். ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள். தோட்டத்துக்குப் போகையில் தளர்வான நீளக்கைச் சட்டை போடுங்கள். இறுக்கமான மெல்லிய துணிக்கு மேலாலேயே அது குத்திவிடும்.

மூச்சை நிறுத்த முடியாது, மணத்தை மாற்றவும் முடியாது. ஆனால் அது பிறக்கும் தண்ணீரை நிறுத்தலாம். யாழ்ப்பாணக் கரையோரத்தில் உவர்நீர்க் கிணறுகளிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. எனவே உப்புத் தண்ணீர்தானே என்று விட்டுவிடாதீர்கள். கிணற்றுக்கு வலை மூடி போடுங்கள். தொட்டியை வாரம் ஒருமுறை உரஞ்சிக் கழுவுங்கள். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போகாது.