‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’: வேலைக்கு அவகாசம் கேட்பது எப்படி?

(வேலை தேடும் இளைஞர்களுக்கும் பெற்றோருக்குமான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆள் எடுக்கும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். “உங்களை எடுத்திருக்கிறோம்” என்று போன் செய்து சொல்லும்போது, நம் பகுதிப் பிள்ளைகளிடமிருந்து அதிகம் கேட்ட பதில் ஒன்று உண்டு. “வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் சார்.”

அந்தப் பிள்ளை உண்மையைத்தான் சொல்கிறது. நம் வீடுகளில் அத்தா, அம்மா, சில சமயம் மாமா வரைக்கும் கேட்டுத்தான் முடிவு எடுப்போம். அதில் தவறே இல்லை. ஆனால் எதிர்முனையில் இருப்பவருக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. வேலை வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லக் கூச்சப்படுபவர்களும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவருக்கு வழி கிடையாது.

அவர் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஓர் இடத்துக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார். முதல் ஆளுக்குச் சொல்லிவிட்டு, இரண்டாவது ஆளிடம் “சொல்கிறோம்” என்று நிறுத்தி வைத்திருப்பார். அந்த இரண்டாவது ஆள் ரொம்ப நாள் காத்திருக்க மாட்டார், வேறு இடம் போய்விடுவார். இந்தப் பக்கம் பிரிவு மேலாளர் “ஆள் எப்போ வரும்?” என்று தினமும் கேட்பார். “புதன்கிழமை மதியம் தெரிந்துவிடும்” என்று சொல்ல முடிந்தால் அவருக்குச் சமாளிக்க வழி இருக்கிறது. “வீட்டில் கேட்கிறார்களாம்” என்பதை வைத்துக்கொண்டு மேலாளரிடம் எதுவும் சொல்ல முடியாது. ஆகவே அவர் பயப்படுவது நீங்கள் கேட்கும் நாலு நாளை அல்ல. எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பைத்தான்.

எப்படிக் கேட்பது என்பதை ஒரு பெண்ணை வைத்துச் சொல்கிறேன். நான் பார்த்த பலருடைய அனுபவத்தைச் சேர்த்து ஒரே ஆளாகச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஆவடியில் வீடு. பி.காம். முடித்தவர். தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் வேலை. வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு மின்னஞ்சலில் வேலைக் கடிதம் வருகிறது. சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்று போட்டிருக்கிறது. இவருக்கு இரண்டு தயக்கம். பூந்தமல்லி பக்கம் இன்னொரு இடத்தில் நேர்காணல் முடிந்து, செவ்வாய்க்கிழமை முடிவு சொல்வதாக இருக்கிறார்கள். அடுத்தது, இந்தக் கடிதத்தில் “வேலை நேரம் நிறுவனத்தின் தேவைக்கேற்ப” என்று ஒரு வரி. அதைப் படித்ததும் அம்மாவுக்கு உடனே கவலை.

அன்று மாலையே அவர் செய்ய வேண்டிய முதல் காரியம், கடிதத்தை வைத்துக்கொண்டு தன் சந்தேகங்களைப் பிரிப்பது. எந்தச் சந்தேகத்துக்கு அந்த நிறுவனமே பதில் சொல்ல முடியும்? எதற்கு வெளியிலிருந்து பதில் வரவேண்டும்? எதை வீட்டில் பேசித் தீர்க்க வேண்டும்?

இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். இரவு எத்தனை மணி ஆகும் என்பதற்கு அவகாசமே தேவையில்லை, ஒரு கேள்வி கேட்டால் போதும். மாதக் கடைசியில் எத்தனை நாள் தாமதமாகும், எத்தனை மணி வரை, வண்டி உண்டா என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். அந்தப் பதில் இல்லாமல் வீட்டில் மூன்று நாள் பேசினாலும், பேசியதையே பேசிக்கொண்டிருப்போம். கையில் வரும் தொகை எவ்வளவு, ஒப்பந்தக் காலம் ஏதாவது உண்டா, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்பதும் அப்படித்தான்.

உண்மையில் அவகாசம் தேவைப்படுவது செவ்வாய்க்கிழமை வரவேண்டிய முடிவுக்கு மட்டும். ஆகவே அவர் கேட்க வேண்டிய நாள் புதன்கிழமை மதியம் 12 மணி. “ஒரு வாரம்” என்று பொத்தாம் பொதுவாகக் கேட்கக் கூடாது. உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று எனக்குத் தெரியாத எது அந்த நாளில் தெரிந்திருக்கும்? பதில் இல்லை என்றால், அவகாசம் வாங்கியும் பயன் இல்லை. அன்றைக்கும் இதே தயக்கத்தோடுதான் உட்கார்ந்திருப்போம்.

சிலர் இஸ்திகாரா தொழுதுவிட்டு முடிவு செய்வோம் என்பார்கள். நல்லது. அந்த நாளையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தேதி சொல்லுங்கள். முதலில் ஒரு தேதி சொல்லிவிட்டு, பிறகு அதற்காக இன்னும் இரண்டு நாள் கேட்காதீர்கள்.

அடுத்தது, எப்போது கேட்பது. வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கேட்க வேண்டும். சனிக்கிழமை நாலே முக்காலுக்கு அல்ல. கெடு முடியப்போகும்போது கேட்டால், இத்தனை நேரம் கடிதத்தை எடுத்தே பார்க்கவில்லை என்று தோன்றும். மறுநாள் காலையிலேயே கேட்டால், உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று தெரியும். ஆர்வம் இருக்கிறது என்பதற்கு வார்த்தையைவிட அந்த நேரமே பெரிய சாட்சி.

முதலில் போனில் பேசுங்கள். இந்த வரிசையில் பேசலாம்: “சார், நேற்று லெட்டர் வந்தது, ரொம்ப நன்றி. முழுக்கப் படித்தேன். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. மாதக் கடைசியில் எத்தனை மணி வரை இருக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு விஷயம், முன்பே போன ஒரு நேர்காணலின் முடிவு செவ்வாய்க்கிழமை வருகிறது. சரியாக முடிவு எடுக்க எனக்குப் புதன்கிழமை மதியம் 12 மணி வரை நேரம் கொடுக்க முடியுமா? அது உங்களுக்குச் சிரமம் என்றால், எதுவரை முடியும் என்று சொல்லுங்கள்.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அவருக்கு இருப்பது சரி, முடியாது என்ற இரண்டே பதில். அது இருந்தால் நடுவில் ஒரு நாளைச் சொல்ல வழி கிடைக்கிறது.

இன்னொரு நேர்காணலைச் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்பீர்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் “ஒரு முடிவுக்காகக் காத்திருக்கிறேன்” என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நிறுவனத்தின் பெயரையும் அங்கே தரும் சம்பளத்தையும் சொல்லத் தேவையில்லை. ஆனால் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாதீர்கள். தொழிற்பேட்டையில் ஆள் எடுப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். உண்மை தெரியவந்தால், அவகாசம் கேட்டதைவிட அந்தப் பொய்தான் மனதில் நிற்கும்.

போனில் பேசிய அரை மணி நேரத்துக்குள் மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே நாலு வரிதான்:

“வேலைக் கடிதத்துக்கு நன்றி. இந்தப் பணியில் சேர எனக்கு விருப்பம் உண்டு. இன்று காலை போனில் பேசியபடி, என் முடிவைத் தெரிவிக்கப் புதன்கிழமை மதியம் 12 மணி வரை அவகாசம் கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் கட்டாயம் பதில் தருகிறேன்.”

எழுத்தில் ஏன் வேண்டும்? இதில் சட்டம் ஒன்று இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பதில் சொல்லக் குறித்த நேரம் கடந்தால் அந்த அழைப்பு தானாகவே முடிந்துவிடும். அவகாசம் கேட்டதாலேயே கெடு நீளாது. அவர்கள் சரி என்று சொன்னால்தான் நீளும். போனில் ஒருவர் சரி என்று சொல்லி, சனிக்கிழமை மாலை வேறொருவர் கோப்பை மூடிவிட்டால், உங்கள் கையில் ஆதாரம் வேண்டும். நீங்கள் சம்மதம் அனுப்பும் வரை அழைப்பைத் திரும்பப் பெறவும் பொதுவாக அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே அவகாசம் கேட்பதில் சிறு ஆபத்து எப்போதும் இருக்கிறது. தேவையில்லாமல் கேட்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. சம்மதம் என்பது நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும். “வருகிறேன், ஆனால் இரண்டாயிரம் கூட்டிக் கொடுங்கள்” என்றால் அது சம்மதம் ஆகாது, புதிய பேரம் ஆகிவிடும். அவகாசத்தையும் சம்பளத்தையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். சம்பளம் பேசுவதாக இருந்தால் தனியாக, முதலிலேயே பேசிவிடுங்கள்.

அதே வெள்ளிக்கிழமை இன்னொரு போனும் செய்ய வேண்டும், பூந்தமல்லி நிறுவனத்துக்கு. “எனக்கு ஒரு வேலைக் கடிதம் வந்திருக்கிறது. உங்களிடம் வரத்தான் விருப்பம். திங்கட்கிழமைக்குள் முடிவு தெரிய வாய்ப்பு உண்டா?” என்று கேட்கலாம். ஒரு பக்கம் கெடுவைத் தள்ளப் பார்க்கிறோம், மறுபக்கம் முடிவை முன்னால் இழுத்துப் பார்க்கிறோம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது போனைச் செய்வதே இல்லை.

நம் பெண்ணுக்கு என்ன ஆனது? நிறுவனம் புதன் வரை முடியாது, திங்கள் மாலை 5 மணி வரை தருகிறோம் என்றது. பூந்தமல்லியில் செவ்வாய்க்கு முன் சொல்ல முடியாது என்றார்கள். ஆகவே இருப்பதை வைத்தே முடிவு எடுக்க வேண்டிய நிலை. ஆனால் வியாழக்கிழமை தெரியாத ஒன்று இப்போது தெரியும்: மாதக் கடைசியில் மூன்று நாள் மட்டும் இரவு எட்டு மணி ஆகும், வண்டி கிடையாது. பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினால் ஆவடி, அந்த மூன்று நாளும் அத்தா ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப்போவார் என்று வீட்டில் முடிவானது. திங்கள் மதியம் மூன்று மணிக்குச் சம்மதம் அனுப்பினார். அனுப்பிய கையோடு பூந்தமல்லிக்கும் நன்றி சொல்லி, தன்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்.

இங்கே ஒரு குறுக்கு வழி உண்டு. இப்போதைக்குச் சரி என்று சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை நல்ல செய்தி வந்தால் போகாமல் இருந்துவிடுவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அதற்குள் அந்த இரண்டாவது ஆளையும் அனுப்பியிருப்பார்கள். அவரும் யார் வீட்டுப் பிள்ளையோ. யாராவது சிபாரிசு செய்து அனுப்பிய பிள்ளை இப்படிச் செய்தால், அடுத்த முறை அதே சிபாரிசில் போகும் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது. இது நடந்து நான் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். முடிவு சொல்லும் தேதி வேறு, சேரும் தேதி வேறு. பழைய இடத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பதற்காக முடிவைத் தள்ளாதீர்கள். இன்றே சம்மதம் சொல்லி, சேரும் தேதியை மட்டும் தள்ளிக் கேளுங்கள். அது பெரும்பாலும் எளிதாகக் கிடைக்கும்.

ஒரே ஒரு முறைதான் அவகாசம் கேட்க வேண்டும். இரண்டாவது முறை கேட்டால் நான்கூட அடுத்த ஆளுக்குத்தான் போன் செய்வேன். ஆனால் முதல் முறை, ஒழுங்காகத் தேதி சொல்லிக் கேட்டதற்காகவே “இன்றே பணம் கட்டு, இல்லாவிட்டால் வேலை போச்சு” என்று ஒருவர் மிரட்டினால், அவர் வேலை கொடுப்பவரே அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கடிதம் வந்த அன்று இரவே பிள்ளையோடு உட்காருங்கள். உங்கள் சந்தேகங்களை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அப்படிச் செய்தால் மறுநாள் காலை உங்கள் பிள்ளை “வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்” என்று சொல்ல வேண்டியிருக்காது. “வீட்டில் பேசிவிட்டேன் சார், இந்த ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டும், புதன்கிழமை சொல்கிறேன்” என்று சொல்லும்.